“அதை மாற்றுங்கள்” என்றால் எதை?

கேள்வி: எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்காக அச்சகத்துக்கு ஒரு மெயில் அனுப்பினேன். அட்டையில் இருந்த மண்டபப் படத்தை மாற்றச் சொல்லியிருந்தேன். அவர்களோ மூன்றாம் பக்கத்தில் இருந்த தலைவர் படத்தை மாற்றிவிட்டு, அட்டையைப் பழையபடியே அச்சடித்துவிட்டார்கள். கேட்டால், “நீங்க எழுதியதைத்தானே செஞ்சோம்” என்கிறார்கள். எனக்கு எத்தனை முறை படித்தாலும் தெளிவாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு? மெயில் இதுதான்:

“வணக்கம். நீங்கள் அனுப்பிய அட்டையும் உள்பக்கங்களும் பார்த்தோம். தலைவர் புகைப்படத்தை மாற்றச் சொல்கிறார். அதில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. அதை மாற்றிவிட்டுச் செயலாளருக்கு அனுப்புங்கள். அவர் பார்த்துச் சொன்னதும் இதை அச்சுக்கு விடலாம். இது வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும்.”

பதில்:

அச்சகத்தார் சொல்வது சமாளிப்பு இல்லை. இந்த மெயிலை அவர்கள் படித்த மாதிரியும் படிக்கலாம், தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு இடத்திலும் முட்டாது. அவர்கள் எப்படிப் படித்திருப்பார்கள் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

“தலைவர் புகைப்படத்தை மாற்றச் சொல்கிறார்.” சொல்வது தலைவர் என்று நீங்கள் நினைத்து எழுதினீர்கள். அச்சகத்தில் இருப்பவர் “தலைவர் புகைப்படம்” என்று இரண்டு சொல்லையும் சேர்த்துப் படித்துவிட்டார். “பள்ளிக் கட்டடம்”, “ஊர்க் கூட்டம்” என்று எழுதுவதுபோல “தலைவர் புகைப்படம்” என்றாலும் தலைவருடைய படம் என்றுதான் பொருள். சொன்னது யார் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. தமிழில் எழுவாய் இல்லாமலும் வாக்கியம் நிற்கும். சங்கத்தில் யாரோ பெரியவர் சொல்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது, “அதில் எழுத்து சரியாகத் தெரியவில்லை.” உங்களுக்கு “அது” அட்டைப் படம், “எழுத்து” அதன் மேல் வரும் மலரின் பெயர். அவருக்கு “அது” தலைவர் படம், “எழுத்து” படத்துக்குக் கீழே சின்னதாகப் போட்ட பெயரும் பொறுப்பும். படத்துக்குக் கீழே வரும் எழுத்து மங்குவது அச்சகங்களில் வாடிக்கையான விஷயம் என்பதால் அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. படத்தை மாற்றினார், செயலாளருக்கு மூன்றாம் பக்கத்தை அனுப்பினார். அங்கிருந்து “சரி” வந்தது. “இதை அச்சுக்கு விடலாம்” என்று நீங்களே எழுதியிருந்தீர்கள், விட்டுவிட்டார்.

இங்கே கவனிக்க வேண்டியது, தப்பான பொருளும் முழுசாகப் பொருந்தியது என்பதுதான். ஒரு “அது”வுக்குப் பொருளே கிடைக்காவிட்டால் படிப்பவர் போன் போட்டுக் கேட்பார், நஷ்டம் இல்லை. ஏதோ ஒரு பொருள் கிடைத்துவிட்டால் கேட்கவே மாட்டார். அதனால் “புரியவில்லை என்றால் கூப்பிடுங்கள்” என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாலும் பயன் இல்லை. அவருக்குத்தான் புரிந்துவிட்டதே.

நீங்கள் திரும்பத் திரும்பப் படித்தும் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. எழுதும்போது உங்கள் கண்முன் அந்த அட்டைதான் இருந்தது. ஒவ்வொரு “அது”வும் அந்தப் படத்துக்கு நேராகப் போய் நின்றது. மெயிலை மறுபடி படிக்கும்போதும் அதே படம் மனதில் வந்துவிடுகிறது. ஆகவே இந்த வகைத் தப்பைப் பொதுவாகப் படித்துப் பார்த்துப் பிடிக்க முடியாது. வேறு ஒரு வேலை செய்ய வேண்டும்.

ஒவ்வொரு சுட்டுச் சொல்லிலும் நில்லுங்கள். அது, இது, அதை, இதில், அதற்கு, அவர், அவர்கள், அங்கே, அப்படியே, இவ்வாறு எல்லாம் இதில் சேர்த்தி. நின்று, அதற்கு முன்னால் மூன்று வாக்கியத்தில் வந்த பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாக அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் மெயிலில் “அதை மாற்றிவிட்டு” என்ற இடத்துக்கு இப்படி வரும்: அட்டையை மாற்றிவிட்டு, உள்பக்கங்களை மாற்றிவிட்டு, புகைப்படத்தை மாற்றிவிட்டு, எழுத்தை மாற்றிவிட்டு. நான்கும் நல்ல தமிழ். நான்கும் அச்சகத்தில் நடக்கக்கூடிய வேலை. ஒன்றுக்கு மேல் பொருந்தினால் அந்தச் சொல் திருத்தப்பட வேண்டியது. ஒன்றே ஒன்றுதான் பொருந்துகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம்.

இந்தக் கடைசி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். “மலரின் பில் கிடைத்தது. அதைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன்” என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. பொருளாளரிடம் கொடுத்தது மலரையா பில்லையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். வாக்கியம் பில்லைப் பற்றியது. இதையும் திருத்தக் கிளம்பினால் மெயில் கிரயப் பத்திரம் மாதிரி ஆகிவிடும். பத்திரம் எழுதுபவர்கள் “மேற்படி சொத்து”, “மேற்படி நபர்” என்று வரிக்கு வரி போடுவது அழகு தெரியாமல் இல்லை. ஒரு “அது” இடம் மாறினால் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். நம் மெயிலுக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு பொருள் வரும் இடத்தில் மட்டும் கை வைத்தால் போதும்.

தமிழில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அஃறிணை ஒருமை எல்லாவற்றுக்கும் ஒரே “அது”தான். பன்மைக்கு “அவை” இருந்தும், வேலை மெயில்களில் “உள்பக்கங்கள் வந்தன, அதைப் பார்த்தேன்” என்று எழுதுவதுதான் வழக்கமாகிவிட்டது. ஆகவே “அதை” என்றால் ஒரு பொருள், “அவற்றை” என்றால் பல பொருள் என்று நம்பி எழுத முடியாது. படிப்பவர் அந்த வேறுபாட்டை எதிர்பார்ப்பதே இல்லை.

“அவர்” இன்னும் மோசம். மரியாதைக்கு எழுதும்போது ஆண், பெண் வேறுபாடு போய்விடுகிறது. தலைவர் ஆண், செயலாளர் பெண் என்றாலும் “அவர்” இருவருக்கும் பொது. உங்கள் மெயிலில் “அவர் பார்த்துச் சொன்னதும்” என்பது செயலாளர் என்றுதான் அச்சகத்தார் எடுத்துக்கொண்டார், ஏனென்றால் பக்கத்தில் இருந்த பெயர் அதுதான். ஆனால் மாற்றச் சொன்னவர் தலைவர் என்பதால், கடைசியாக ஒப்புக்கொள்ள வேண்டியவரும் அவர்தான் என்று வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் “தன்”, “தம்” உதவுமே என்று சிலர் நினைப்பார்கள். “தலைவர் செயலாளரிடம் அவருடைய படத்தை அனுப்பச் சொன்னார்” என்பதைவிட “தம் படத்தை அனுப்பச் சொன்னார்” என்பது கொஞ்சம் தெளிவு, எழுவாயான தலைவரைச் சுட்டும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அனுப்பப் போவது செயலாளர் அல்லவா? “தம்” அவரையும் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு பேர் வரும் வாக்கியத்தில் நான் இதை நம்புவதில்லை. “தலைவரின் படத்தை அனுப்பும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள்” என்று பொறுப்பின் பெயரையே போட்டுவிடுவது நல்லது.

சுட்டுச் சொல்லே இல்லாத குழப்பமும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். “அச்சுக்கு விடலாம்”, “வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும்” என்ற இரண்டு வினைகளையும் பாருங்கள். விடுவது யார்? அச்சகத்தாரே விடலாமா, நீங்கள் சொன்ன பிறகா? “லாம்”, “வேண்டும்” என்று முடியும் வினைகள் ஆளைக் காட்டாது. “நாம்”, “நாங்கள்” என்ற இரண்டு சொல் தமிழில் இருப்பது இங்கே பெரிய வசதி. “நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்” என்றால் வேலை சங்கத்தின் பக்கம். “நாம் பேசி முடிவு செய்வோம்” என்றால் அச்சகத்தாரும் சேர்த்தி. இந்த வசதியை விட்டுவிட்டு “பேசி முடிவு செய்யலாம்” என்று எழுதினால், யாரோ கூப்பிடுவார்கள் என்று இரண்டு பக்கமும் காத்திருக்கும்.

சரி, திருத்துவது எப்படி? பெரும்பாலான இடங்களில் பெயரைத் திரும்பச் சொல்வதுதான் வழி. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் சிவப்பு மையில் கோடு விழும். அந்தப் பயத்தில்தான் பலர் மெயிலிலும் “அது”வைத் தேடிப் போகிறார்கள். அச்சகத்துக்கு எழுதும் மெயிலில் “அட்டை” என்ற சொல் நான்கு முறை வந்தால் யாருக்கும் வலிக்காது.

இதில் ஒரு எச்சரிக்கை. அலுப்பு தட்டாமல் இருக்கட்டும் என்று முதல் வரியில் அட்டை, இரண்டாவதில் முகப்பு, மூன்றாவதில் கவர், நான்காவதில் டிசைன் என்று மாற்றி மாற்றி எழுதினால், “அது” என்று எழுதியதைவிடப் பெரிய குழப்பம் வரும். முகப்பு என்றால் முன்னட்டையா, உள்ளே வரும் முதல் பக்கமா என்று அச்சகத்தில் யோசிப்பார்கள். ஒரு பொருளுக்கு முதல் வரியில் ஒரு பெயர் வைத்தால் கடைசிவரை அதே பெயர்தான். அவர்களுடைய பெயரையே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவர்கள் “ரேப்பர்” என்றால் நீங்களும் ரேப்பர்.

முன்னால் சொன்ன முழு விஷயத்தையும் “இது” என்று சுட்டும்போது பெயரைத் திரும்பச் சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே பெயரே இல்லை. உங்கள் கடைசி வாக்கியம் அப்படிப்பட்டது. “இது வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டும்” என்றால் முடிய வேண்டியது படம் மாற்றுவதா, செயலாளர் ஒப்புக்கொள்வதா, அச்சா? இங்கே “இந்த” என்று எழுதி, பின்னால் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டும்: இந்தத் திருத்தம், இந்த ஒப்புதல், இந்த அச்சு வேலை. எந்தப் பெயரைச் சேர்ப்பது என்று யோசிக்கும்போதுதான் நமக்கே அது முடிவாகாமல் இருந்தது தெரியவரும். “இது முடியணும்” என்று எழுதுபவர்களில் பாதிப் பேர் மூன்றையும் கலந்துதான் நினைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டு வாக்கியத்தை ஒன்றாக்கியும் சுட்டுச் சொல்லை ஒழிக்கலாம். “மண்டபப் படம் உள்ளது. அதில் எழுத்து தெரியவில்லை. அதை எடுத்துவிடுங்கள்” என்பதை “எழுத்தை மறைக்கும் மண்டபப் படத்தை எடுத்துவிடுங்கள்” என்று எழுதினால் இரண்டு “அது”வும் போய்விட்டது. ஆனால் பெயரெச்சத்துக்கும் இதே வியாதி வரும். “செயலாளர் அனுப்பிய மலரின் படம்” என்றால் செயலாளர் அனுப்பியது மலரையா, படத்தையா? “மலருக்காகச் செயலாளர் அனுப்பிய படம்” என்று, எச்சத்தை அது தழுவ வேண்டிய பெயருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்.

பெயர் முன்னால், சுட்டு பின்னால் என்பது தமிழ் இலக்கணத்தில் பழைய விதி. ஒரே ஆளைப் பெயராலும் சுட்டாலும் சொல்ல நேர்ந்தால் சுட்டை முன்னால் சொல்லாதே என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே இருக்கிறது. செய்யுளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். “அவர் சொன்னபடி மாற்றவும். தலைவர் நாளை வருகிறார்” என்று தொடங்கும் மெயில்களைப் பார்த்தால், கவிதைக்குக் கொடுத்த சலுகையை நாம் அலுவலகத்துக்கும் எடுத்துக்கொண்டதாகத் தோன்றும்.

இனி உங்கள் மெயிலைத் திருத்தி எழுதிப் பார்க்கிறேன். புதுப் படம் எது, தேதி என்ன என்பது எனக்குத் தெரியாததால் உதாரணத்துக்குப் போட்டிருக்கிறேன்.

“வணக்கம். நீங்கள் அனுப்பிய அட்டையையும் உள்பக்கங்களையும் பார்த்தோம். உள்பக்கங்களில் மாற்றம் எதுவும் இல்லை. அட்டையில் ஒரு மாற்றம் மட்டும்: பின்னணியில் இருக்கும் மண்டபப் படத்தை எடுத்துவிட்டு, இத்துடன் இணைத்துள்ள கோபுரப் படத்தை வையுங்கள். மண்டபப் படத்தின் மேல் மலரின் பெயர் சரியாகத் தெரியவில்லை என்று தலைவர் கருதுகிறார். மாற்றிய அட்டையை மார்ச் 10, திங்கள் மாலைக்குள் செயலாளருக்கு அனுப்புங்கள். செயலாளர் மெயிலில் ஒப்புதல் தந்த பிறகு நீங்கள் அட்டை, உள்பக்கங்கள் இரண்டையும் அச்சுக்கு விடலாம். 500 பிரதிகளும் மார்ச் 14, வெள்ளிக்கிழமைக்குள் எங்களுக்கு வந்து சேர வேண்டும்.”

பழைய மெயிலைவிட நீளம்தான். ஆனால் இதில் சேர்ந்தவற்றைக் கவனியுங்கள். “உள்பக்கங்களில் மாற்றம் எதுவும் இல்லை” என்ற ஒரு வரி இருந்திருந்தால் மூன்றாம் பக்கத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எதைத் தொட வேண்டாம் என்று சொல்வது, எதைத் தொட வேண்டும் என்று சொல்வதைவிடச் சில சமயம் அதிக வேலை செய்யும். தலைவர் இப்போது காரணம் சொல்லும் வாக்கியத்தில் மட்டும் வருகிறார். மாற்றச் சொல்லும் வாக்கியத்தில் அவர் இல்லாததால் “தலைவர் புகைப்படம்” என்று ஒட்டிப் படிக்க வழியே இல்லை. பழைய மெயிலில் தலைவருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போட்டிருந்தால் போதுமே என்று கேட்கலாம். போதாது. மெயிலில் காற்புள்ளியைப் பார்த்துப் பொருள் பிரிப்பவர்கள் குறைவு. போனில் வாசித்துக் காட்டினால் அது காணாமலே போய்விடும்.

“இரண்டையும்” என்ற சொல்லும் சுட்டு மாதிரிதான் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், ஆனால் இரண்டும் எவை என்று அதற்கு முந்தைய சொல்லிலேயே இருக்கிறது.

பதில் மெயில்களில் இந்த ஆபத்து வேறு மாதிரி வரும். அச்சகத்தார் இரண்டு அட்டை புரூஃப் இணைத்து “எது வேண்டும்?” என்று கேட்கிறார். நீங்கள் “இது ஓகே, இதையே போட்டுவிடுங்கள்” என்று பதில் போடுகிறீர்கள். எழுதும்போது உங்கள் திரையில் ஒரு படம் திறந்திருந்தது. “இது” அதைச் சுட்டியது. எதிரே உட்கார்ந்து பேசினால் கை நீட்டிக் காட்டியிருப்பீர்கள். மெயிலில் கை போகாது. அவர் திரையில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இங்கே கோப்பின் பெயரை அப்படியே எழுதுங்கள்: “attai_2.jpg ஓகே”. “நீல நிற அட்டை” என்று எழுதுவதும் சரி, ஆனால் இரண்டிலும் கொஞ்சம் நீலம் இருந்தால் போச்சு.

“மேலே சொன்னபடி”, “கீழே உள்ளதைப் பாருங்கள்” என்பவையும் அப்படித்தான். பதில் எழுதும்போது பழைய மெயில் கீழே போய்விடும்; நீங்கள் முன்பு “மேலே” என்று நினைத்தது அவருக்குக் கீழே இருக்கும். போனில் பார்ப்பவருக்குப் பழைய மெயில் மூன்று புள்ளிக்குள் சுருங்கியிருக்கும், அவர் அதைத் தட்டித் திறக்கவே மாட்டார். ஃபார்வர்டு செய்யும்போது “இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று ஒரு வரி போட்டு, எட்டு மெயில் கொண்ட தொடரை அனுப்புபவர்களும் உண்டு. எட்டில் எது “இது”? “3ஆம் தேதி அச்சகம் அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, கடைசி வரியில் உள்ள தொகை சரியா என்று சொல்லுங்கள்” என்று எழுத ஒரு நிமிடம் கூட ஆகாது.

உங்களுக்கே இப்படி ஒரு மெயில் வந்தால் “எதைச் சொல்கிறீர்கள்?” என்று திருப்பிக் கேட்காதீர்கள். “அதைத்தான்” என்று பதில் வர வாய்ப்பு உண்டு. கிண்டல் இல்லை, நிஜமாகவே வரும். அவர் மனதில் அது ஒன்றுதான் இருக்கிறது. “அட்டையில் உள்ள மண்டபப் படத்தை மாற்ற வேண்டுமா, மூன்றாம் பக்கத்தில் உள்ள தலைவர் படத்தை மாற்ற வேண்டுமா?” என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேள்வியின் கடைசியில் “ஆமாம்” என்று பதில் சொல்லும்படி விடாதீர்கள்.

அச்சான அட்டைக்கு என்ன செய்வது என்பது தனிக் கதை. மெயில் இரண்டு விதமாகவும் படிக்கக் கூடியது என்பதால் முழுப் பழியையும் அச்சகத்தார் மேல் போட முடியாது. அவர்களும் செயலாளருக்கு மூன்றாம் பக்கத்தை அனுப்பியபோது “தலைவர் படம் மாற்றப்பட்டது, வேறு மாற்றம் இல்லை” என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். மறு அச்சுச் செலவைப் பேசப் போகும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். புது அட்டையை அச்சடித்து ஒட்டுவதென்றால், உள்பக்கங்கள் ஏற்கெனவே தைத்தாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். தைக்கவில்லை என்றால் செலவு அட்டைக்கு மட்டும்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் தலைவரின் எந்தப் படம் போயிருக்கிறது என்பதையும் அவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். புதுப் படம் அவருக்குப் பிடித்திருந்தால் உள்பக்கங்களை மறுபடி அச்சடிக்க வேண்டிய வேலை மிச்சம்.